பிறந்தவர், வாழ்ந்து வருகிறார், மறைந்தார்: வாழ்க்கைக் குறிப்பில் காலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூல்களின் பின்னட்டையில் வரும் ஆசிரியர் குறிப்பு, பள்ளி நூற்றாண்டு மலரில் வரும் பழைய மாணவர் குறிப்பு, கருத்தரங்கக் கையேட்டில் வரும் பேச்சாளர் குறிப்பு என்று பல ஆண்டுகளாக மெய்ப்புப் பார்த்து வருகிறேன். எல்லாம் ஆறேழு வரிகள்தான். ஆனால் அந்த ஆறேழு வரியில்தான் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதை வாசகர் தெரிந்துகொள்கிறார். எழுதுபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. உயிரோடு இருப்பவருக்கு ‘பிறந்தார்’ என்று இறந்த காலத்தில் எழுதலாமா? கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறதே.

தாராளமாக எழுதலாம். இலக்கணத்தில் ‘இறந்த காலம்’ என்பது கடந்துபோன காலம். ஆள் இறந்ததோடு அதற்குத் தொடர்பில்லை. பிறப்பு ஒருமுறை நடந்து அன்றே முடிந்துவிட்ட நிகழ்ச்சி. விஸ்வநாதன் ஆனந்த் 1969 டிசம்பர் 11 அன்று பிறந்தார். பாரதியார் 1882இல் அதே டிசம்பர் 11 அன்று பிறந்தார். ஒருவர் நம்மிடையே இருக்கிறார், மற்றவர் மறைந்து நூறாண்டு கடந்துவிட்டது, வினைச்சொல் ஒன்றேதான்.

எனவே பிறப்பைச் சொல்லும் வரியைப் பார்த்து ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் செய்தியை அடுத்த வரிகள்தான் சுமக்கின்றன. கவனத்தை அங்கே வையுங்கள்.

2. ‘பிறந்தார்’ சரியா, ‘பிறந்தவர்’ சரியா?

இரண்டும் சரி, வேலை வேறு. ‘பிறந்தார்’ கதையைத் தொடங்கிவைக்கும். அடுத்து என்ன நடந்தது என்று வாசகர் எதிர்பார்ப்பார். நாள், ஆண்டு சொல்லும்போது இது இயல்பாகப் பொருந்தும். ‘பிறந்தவர்’ ஆளை அடையாளம் காட்டும். ‘எட்டயபுரத்தில் பிறந்தவர்’ என்றால் ஊர்க்காரர் என்று அறிமுகப்படுத்துகிறோம். மூன்றே வரியில் முடியும் குறிப்புக்கு நான் ‘பிறந்தவர்’ என்பதையே விரும்புகிறேன்; ஒரு பக்கத்துக்குப் போகும் குறிப்பில் ‘பிறந்தார்’.

இதே வடிவத்தை மற்ற வினைகளுக்கும் நீட்டும்போதுதான் எச்சரிக்கை வேண்டும். ‘பிறந்தவர்’ இருவருக்கும் பொது. ‘வாழ்ந்தவர்’ பொதுவன்று. எங்கே, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ற எல்லை இல்லாமல் ‘எளிமையாக வாழ்ந்தவர்’ என்று எழுதிவிட்டால், அவரை அனுப்பி வைத்துவிட்டோம் என்று பொருள். இருப்பவருக்கு ‘எளிமையாக வாழ்பவர்’.

ஒரு பள்ளி விழா மலரில் இது என் கண் முன்னாலேயே நடந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரைப் பற்றிய குறிப்பு ‘மாணவர்களுக்காகவே வாழ்ந்தவர்’ என்று முடிந்திருந்தது. எழுதியவர் பாராட்டாகத்தான் எழுதினார். மெய்ப்பில் நானும் அதைப் பாராட்டாகவே படித்துக் கடந்துபோனேன். மலர் வெளியான மறுநாள் அந்த ஆசிரியரின் மகள் தொலைபேசியில் அழைத்தார். வெளியூரில் இருக்கும் உறவினர்கள் காலையிலிருந்து துக்கம் விசாரித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். விற்காமல் இருந்த பிரதிகளில் ‘வாழ்ந்துவருபவர்’ என்று அச்சிட்ட சிறு துண்டை ஒவ்வொன்றாக ஒட்டினோம். அன்றிலிருந்து வாழ், வசி என்ற இரண்டு வினைகளையும் பென்சிலால் வட்டமிட்டுவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கிறேன்.

3. ‘பிறந்துள்ளார்’ என்று எழுதினால் கூடுதல் மரியாதையாக இருக்காதா?

இருக்காது. ‘பிறந்துள்ளார்’, ‘பிறந்திருக்கிறார்’ இரண்டும் செய்தியைப் புதிதாகத் தெரிவிக்கும் வடிவங்கள். ‘அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்துள்ளது’ என்போமே, அந்தச் சூடு அதில் இருக்கிறது. எண்பது வயதுக்காரருக்கு அது பொருந்தாது. ஆவணங்களைப் பார்த்து ஊகிக்கும்போது மட்டும் ‘1850ஐ ஒட்டிப் பிறந்திருக்கலாம்’ என்பதுபோல் எழுதலாம். ‘பிறந்திருந்தார்’ என்பதற்கு, அதற்குப் பின் நடந்த வேறொன்று வாக்கியத்தில் இருக்க வேண்டும். சாதாரணக் குறிப்பில் அதற்கு வேலையில்லை.

4. ‘வாழ்கிறார்’, ‘வாழ்ந்து வருகிறார்’, ‘வாழ்ந்துள்ளார்’ மூன்றும் ஒன்றுதானே?

இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் அதிகமுறை பதில் சொல்லியிருக்கிறேன். மூன்றும் மூன்று. ‘சென்னையில் வாழ்கிறார்’ என்பது இன்றைய நிலை. எப்போதிலிருந்து என்று சொல்லாது. ‘1952 முதல் சென்னையில் வாழ்ந்து வருகிறார்’ என்பதில் ‘வருகிறார்’ என்ற துணைவினை, அன்று தொடங்கியது இன்னும் ஓயவில்லை என்று காட்டுகிறது. ‘சென்னையில் வாழ்ந்துள்ளார்’ என்றால் வாழ்ந்த அனுபவம் உண்டு, இப்போது அங்கே இல்லை என்று பொருள். ‘இவர் பத்து ஆண்டுகள் மலேசியாவில் வாழ்ந்துள்ளார்’ என்று படித்ததும், திரும்பி வந்துவிட்டார் என்றுதான் நினைப்போம்.

ஆங்கிலக் குறிப்பைப் பார்த்துத் தமிழாக்குபவர்கள் சறுக்கும் இடம் இது. ‘ஹாஸ் லிவ்ட் இன் சென்னை சின்ஸ் 1952’ என்று இருந்தால், அந்த ‘ஹாஸ்’ என்பதற்கு ‘உள்ளார்’ என்று கை தானாகப் போட்டுவிடுகிறது. ‘1952 முதல் சென்னையில் வாழ்ந்துள்ளார்’ என்ற வரி தொடக்கத்தில் இருக்கிறார் என்றும் முடிவில் இல்லை என்றும் சொல்கிறது. அங்கே வேண்டியது ‘வாழ்ந்து வருகிறார்’.

வீடு எங்கே என்பதை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் ‘வசித்து வருகிறார்’ அல்லது ‘வசிக்கிறார்’ போதும். ‘வாழ்ந்து வருகிறார்’ என்பது வீட்டு முகவரியைவிடப் பெரிய சொல். எப்படி வாழ்கிறார் என்று அடுத்துச் சொல்லப்போவதைப்போல் ஒலிக்கும்.

5. ‘வசித்து வந்தார்’ என்றால் இறந்துவிட்டார் என்றுதானே அர்த்தம்?

கட்டாயமில்லை. வீடு மாறியிருக்கலாம். ஆனால் அந்த வடிவம் எப்போதும் ஒரு ‘பிறகு’ கேட்கும். ‘புதுவையில் வசித்து வந்தார்’ என்று நிறுத்தினால் வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நாளிதழ்களின் குற்றச் செய்திகளில் ‘தனியாக வசித்து வந்தார்’ என்ற வரிக்குப் பின் என்ன வரும் என்று நம் எல்லோருக்கும் பழகிவிட்டது. அந்தப் பழக்கம் வாழ்க்கைக் குறிப்பைப் படிக்கும்போதும் கூடவே வருகிறது. ஆகவே ‘வந்தார்’ என்று எழுதினால் அடுத்த வரியிலேயே என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுங்கள்: ‘பின்னர் மதுரைக்குக் குடிபெயர்ந்தார்’, ‘அங்கேயே காலமானார்’, எதுவானாலும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ‘முதல்’ என்ற சொல் தனியாக வந்தால் ‘வருகிறார்’ வேண்டும். ‘முதல்’, ‘வரை’ இரண்டும் சேர்ந்து வந்தால் இறந்த காலம் வேண்டும். ‘1952 முதல் சென்னையில் வாழ்ந்தார்’ என்ற வாக்கியம் ஒரு பக்கம் கட்டாத கயிறு. ‘1952 முதல் இறுதிவரை சென்னையில் வாழ்ந்தார்’ என்றால் முடிச்சு விழுந்துவிடுகிறது.

6. ஒரே ஆளுக்கு, உயிரோடு இருந்தபோதும் மறைந்த பிறகும் குறிப்பு எப்படி மாறும்? ஒன்றை முழுதாகக் காட்டுங்கள்.

எழுத்தாளர் அசோகமித்திரனை எடுத்துக்கொள்வோம். இரண்டு குறிப்புகளையும் இந்தப் பக்கத்துக்காக நானே எழுதினேன். 2016இல் எழுதியிருந்தால் இப்படி இருக்கும்:

‘அசோகமித்திரன் (பி. 1931) செகந்திராபாத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஜ. தியாகராஜன். 1952 முதல் சென்னையில் வசித்து வருகிறார். சிறுகதைகள், நாவல்கள், கட்டுரைகள் எழுதியுள்ளார். 1996இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.’

அவர் 2017 மார்ச் 23 அன்று மறைந்தார். அதற்குப் பிறகு:

‘அசோகமித்திரன் (1931–2017) செகந்திராபாத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஜ. தியாகராஜன். 1952இல் சென்னைக்கு வந்து, இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார். சிறுகதைகள், நாவல்கள், கட்டுரைகள் எழுதியுள்ளார். 1996இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2017 மார்ச் 23 அன்று சென்னையில் காலமானார்.’

பிறந்த வரி அசையவில்லை. பெயர் வரியில் வினையே இல்லை, அதனால் அதுவும் அசையவில்லை. விருது வரி ஏற்கெனவே நடந்து முடிந்ததைச் சொன்னதால் அதற்கும் பாதிப்பில்லை. உடைந்தது மூன்றாம் வரி ஒன்றுதான், ஏனென்றால் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்த வரி. அடைப்புக்குறி மாறியது, கடைசியில் ஒரு வரி சேர்ந்தது. பழைய குறிப்பைத் திருத்தக் கொடுத்தால் நான் முதலில் தேடுவது ‘வருகிறார்’ என்ற சொல்லைத்தான். ‘வசித்து வருகிறார்’ மட்டுமன்று. ‘தொடர்ந்து எழுதி வருகிறார்’, ‘ஆசிரியராக இருந்து வருகிறார்’ எல்லாம் அதில் சிக்கும்.

7. மறைந்தவருக்கு ‘எழுதியுள்ளார்’ என்று விட்டுவிட்டீர்களே, அது தவறில்லையா?

தவறில்லை, ஆனால் ஏன் தவறில்லை என்று தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். ‘உள்ளார்’ என்பது செயலின் விளைவு இன்னும் நிற்கிறது என்று காட்டுகிறது. எழுத்து நிற்கும் பொருள். ‘பாரதியார் குயில் பற்றிப் பாடியுள்ளார்’, ‘உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியரைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார்’ என்று படிக்கும்போது எந்தத் தமிழ் வாசகரும் அவர்கள் உயிரோடு இருப்பதாக நினைப்பதில்லை. பாட்டும் நூலும் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் அந்த வடிவம் இயல்பாக நிற்கிறது.

விளைவு பொருளாக நிற்காத செயல்களில் இதே வடிவம் இடறும். ‘பாரதியார் பல ஊர்களுக்குப் பயணம் செய்துள்ளார்’ என்பது காதில் உரசுகிறது. ‘பயணம் செய்தார்’ போதும். விருதும் அப்படித்தான். ‘பல விருதுகள் பெற்றுள்ளார்’ என்றால் இன்னும் பெறக்கூடியவர் என்ற எண்ணம் வருகிறது. மறைந்தவருக்குப் ‘பெற்றார்’ என்று முடித்துவிடுவேன். எண்ணிக்கை சொல்லும்போதும் எனக்கு அதே வழக்கம்தான்: இருப்பவர் பன்னிரண்டு நாவல்கள் ‘எழுதியுள்ளார்’, பதின்மூன்றாவது வரலாம், மறைந்தவர் பன்னிரண்டு நாவல்கள் ‘எழுதினார்’. மேலே அசோகமித்திரன் குறிப்பில் எண்ணிக்கை கொடுத்திருந்தால் அங்கேயும் ‘எழுதினார்’ என்று மாற்றியிருப்பேன்.

8. ‘கவிஞர் ஆவார்’ என்பது எதிர்காலம் அல்லவா? மறைந்தவருக்கு எப்படிப் பொருந்தும்?

வடிவம் எதிர்காலம்தான், பொருள் அப்படியன்று. மலை நிற்கும், தீச் சுடும் என்கிறோம். மலை நாளைக்குத்தான் நிற்கப்போகிறது என்று யாரும் கொள்வதில்லை. முக்காலத்துக்கும் பொதுவான இயல்பை இந்தச் ‘செய்யும்’ வடிவத்தால் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியம் வினையியலிலேயே விதி இருக்கிறது. ‘ஆவார்’ என்பதும் அந்த வழியில் வந்து நிற்பது. இருப்பவர், மறைந்தவர் இருவருக்கும் செல்லும்.

செல்லும் என்றாலும் நான் பெரும்பாலும் அதை அடித்துவிடுகிறேன். ‘பாரதியார் தமிழ்க் கவிஞர்’ என்றாலே வாக்கியம் நிறைந்துவிடுகிறது. வினை இல்லாத இந்த வாக்கியம் தமிழுக்குக் கிடைத்த பெரிய வசதி. காலம் காட்டாததால் ஆள் மறைந்த பிறகும் திருத்த வேண்டியதில்லை. பதவிகளோடு ‘ஆவார்’ சேரும்போது குழப்பமும் வரும்: ‘இவர் சங்கத்தின் தலைவர் ஆவார்’ என்றால் இப்போது தலைவரா, இனி ஆகப்போகிறாரா?

9. சரி, மறைந்தவர்தானே என்று ‘கவிஞராக இருந்தார்’ என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். ‘இருந்தார்’ என்பது ஆளின் உயிரை முடிக்காது, அந்த நிலையை முடிக்கும். ‘பாரதியார் கவிஞராக இருந்தார்’ என்றால் பிறகு கவிதையை விட்டுவிட்டார் என்று தோன்றும். பாரதியார் இன்றும் கவிஞர்தான். பதவியும் பணியும் வேறு. அவற்றுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. ‘அப்துல் கலாம் 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்தார்’ என்பது அவர் வாழ்ந்த காலத்திலும் சரி, இப்போதும் சரி.

இருப்பவர்களுக்கு இதே தவறு இன்னும் வலிக்கும். ‘ஆனந்த் 2007 முதல் 2013 வரை உலக சாம்பியனாக இருந்தார்’ என்பதில் ஒரு பிழையும் இல்லை. ‘ஆனந்த் சதுரங்க வீரராக இருந்தார்’ என்று ஆண்டில்லாமல் எழுதினால் வாசகர் திடுக்கிடுவார். 1988இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ‘இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்’ என்ற பெருமையை யாரும் அவரிடமிருந்து எடுக்க முடியாது, ஆகவே அதற்கு ‘இருந்தார்’ ஒருபோதும் வேண்டாம்.

10. ‘முன்னாள்’, ‘மறைந்த’ இரண்டையும் எப்போது போடுவது?

‘முன்னாள்’ பதவியைத் தழுவும், ‘மறைந்த’ ஆளைத் தழுவும். ‘முன்னாள் குடியரசுத் தலைவர்’ என்பதிலிருந்து உயிர் பற்றி எதுவும் தெரியாது. ‘முன்னாள் எழுத்தாளர்’, ‘முன்னாள் கவிஞர்’ என்று மறைந்தவர்களுக்கு எழுதி வருவதைத் திருத்தியிருக்கிறேன். காரணம் 9இல் சொன்னதுதான்.

‘மறைந்த’ என்பது இழப்பு இன்னும் ஆறாதபோதும், இருக்கிறார் என்று வாசகர் எண்ணிவிடக்கூடும் என்னும்போதும் மட்டும் வேண்டும். ‘மறைந்த கவிஞர் கம்பர்’ என்று யாராவது எழுதுவார்களா?

11. இறந்தார், காலமானார், மறைந்தார், இயற்கை எய்தினார்: குறிப்பில் எதைப் போடுவது?

காலத்தைப் பொறுத்தவரை எல்லாம் ஒன்று. மரியாதையும் நம்பிக்கையும்தான் வேறு. ‘இறந்தார்’ பாடநூல் சொல், வரலாற்று மனிதர்களுக்குச் சரி. அண்மையில் இழந்தவர்களுக்குக் ‘காலமானார்’, ‘மறைந்தார்’ என்பவை எந்த வீட்டுக்கும் பொருந்தும். ‘இறைவனடி சேர்ந்தார்’, ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’, ‘வஃபாத்தானார்’ ஆகியவை அந்தந்தக் குடும்பத்தின் நம்பிக்கையிலிருந்து வருபவை. வீட்டார் கேட்டால் போடுங்கள், நீங்களாக ஊகிக்க வேண்டாம். இறைநம்பிக்கை இல்லாதவராக வாழ்ந்த ஒருவரை இறைவனடியில் சேர்ப்பது அவருக்குச் செய்யும் அநீதி. அங்கே ‘இயற்கை எய்தினார்’ என்பதே பொருத்தம்.

12. இலங்கை நண்பர்கள் ‘பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட’ என்று எழுதுகிறார்களே, அதை உயிரோடு இருப்பவருக்குப் போடலாமா?

அது ஈழத் தமிழரின் மரண அறிவித்தல்களில் ஊறிப்போன தொடர். ‘யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், கனடாவை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கி, பெயரைச் சொல்லி, ‘காலமானார்’ என்று முடியும். பிறந்த மண்ணும் இருந்த மண்ணும் ஒன்றாக இல்லாமல் போன ஒரு தலைமுறையின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இலக்கணப்படி ‘கொண்ட’ என்பது இருப்பவருக்கும் செல்லும். ஆனால் இரண்டு ‘ஆகவும்’ சேர்ந்து வந்ததுமே அந்த வாசகரின் மனம் அடுத்த சொல்லுக்குத் தயாராகிவிடும். இருப்பவருக்கு ‘யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், கனடாவில் வசித்து வருகிறார்’ என்று பிரித்து எழுதுங்கள்.

13. மறைந்தவருக்கு ‘மனைவியும் இரண்டு மகள்களும் உள்ளனர்’ என்று எழுதுவதா, ‘இருந்தனர்’ என்று எழுதுவதா?

இங்கே காலம் குறிப்பின் நாயகரைப் பார்க்காது, குடும்பத்தைப் பார்க்கும். அவர்கள் இருந்தால் ‘உள்ளனர்’. அப்பா போய்விட்டார் என்பதற்காக மகள்களை ‘இருந்தனர்’ என்று எழுதினால் அவர்களையும் சேர்த்து அனுப்பியதாகிவிடும். நெடுங்காலத்துக்கு முந்தையவர் என்றால் வினையில்லா வாக்கியம் கைகொடுக்கும்: ‘பாரதியாருக்கு இரண்டு மகள்கள்: தங்கம்மாள், சகுந்தலா.’

14. மறைவுக்குப் பின் கொடுத்த விருதைப் ‘பெற்றார்’ என்று எழுதலாமா?

பெற ஆள் இல்லாதபோது ‘பெற்றார்’ வராது. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று மறைந்தார். பாரத ரத்னா 1988இல் அறிவிக்கப்பட்டது. ‘1988இல் பாரத ரத்னா பெற்றார்’ என்ற வரி அவருக்கு ஓராண்டு ஆயுளைக் கூட்டிவிடுகிறது. ‘மறைவுக்குப் பின் 1988இல் அவருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டது’ என்று எழுத வேண்டும். மாறாக, எம்.எஸ். சுப்புலட்சுமி 1998இல் அதைப் பெற்றார், 2004இல்தான் மறைந்தார். மறைந்த பின் வெளிவந்த நூலுக்கும் இதே கவனம் தேவை: ‘வெளியிட்டார்’ என்பதற்குப் பதில் ‘வெளிவந்தது’.

15. ‘வள்ளுவர் கூறுகிறார்’ என்று நிகழ்காலத்தில் எழுதுகிறோமே. அப்படியானால் மறைந்தவர் குறிப்பு முழுவதையும் நிகழ்காலத்தில் எழுதினால் என்ன?

வள்ளுவர் கூறுவது நூலுக்குள். குறளைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கூற்று மீண்டும் நிகழ்கிறது, அதனால் நிகழ்காலம். கூறுகிறார், காட்டுகிறார், பாடுகிறார் எல்லாம் அப்படித்தான். நூலுக்கு வெளியே உள்ள வாழ்க்கைக்கு அந்த உரிமை இல்லை.

‘1904இல் பாரதியார் சுதேசமித்திரனில் சேர்கிறார். 1908இல் புதுச்சேரிக்குச் செல்கிறார்’ என்று ஆவணப்படக் குரலில் எழுதுவதும் ஒரு முறைதான். குறிப்பு முழுவதும் அந்தக் குரலே நின்றால் ஏற்பேன். ஐந்து வரிக் குறிப்பில் இரண்டு ‘செல்கிறார்’, மூன்று ‘சென்றார்’ என்று கலந்தால் படிப்பவருக்கு ஆண்டுகள் குழம்பிவிடும். அந்தக் குரலில் எழுதியவர் இறுதியில் ‘1921இல் மறைகிறார்’ என்று எழுதத் தயங்குவதையும் பார்த்திருக்கிறேன். கடைசி வரியில் மட்டும் ‘மறைந்தார்’ என்று மாறிவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் வந்தால், முதல் வரியிலிருந்தே இறந்த காலத்துக்கு மாற்றிவிடுங்கள்.

16. அடைப்புக்குறியில் ‘(1969 – )’ என்று போடுகிறார்களே, சரியா?

நூலகப் பட்டியல்களில் அப்படி உண்டு. குறிப்பில் நான் அதை விடுவதில்லை. அந்தக் கோட்டுக்குப் பின்னால் உள்ள வெற்றிடம் எதற்காகக் காத்திருக்கிறது என்று குறிப்புக்குரியவர் பார்த்தால் என்ன நினைப்பார்? ‘(பி. 1969)’ என்று போட்டால் போதும்.

17. உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாதவருக்கு எப்படி எழுதுவது?

முதலில் பதிப்பாளர், குடும்பத்தார், அவர் ஊர்க்காரர் என்று விசாரியுங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால், பொதுவான வடிவங்களை மட்டும் வைத்து எழுதலாம்: பிறந்தவர் (2), ‘எழுதியுள்ளார்’ (7), வினையில்லா வாக்கியம் (8). ‘1938இல் காரைக்குடியில் பிறந்தவர். சிறுகதை எழுத்தாளர். இரண்டு தொகுப்புகள் வெளிவந்துள்ளன. 1974 முதல் 1996 வரை பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார்.’ இதில் எந்த வரியும் அவரை இருக்கவும் வைக்கவில்லை, அனுப்பவும் இல்லை.

‘வசித்து வருகிறார்’, ‘வாழ்ந்தவர்’ இரண்டுக்கும் இங்கே இடமில்லை. பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்து, வயது நூற்றைத் தாண்டுகிறது என்பதற்காக ‘மறைந்தார்’ என்று நாமே முடிவுகட்டவும் கூடாது.

18. குறிப்பு அச்சுக்குப் போன பிறகு அவர் காலமாகிவிட்டால்?

அட்டை அச்சாகவில்லை என்றால், 6இல் காட்டியபடி மூன்று இடங்களை மாற்றினால் போதும். பத்து நிமிட வேலை. அச்சாகிவிட்டது என்றால், உள்பக்கத்தில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று பாருங்கள்: ‘இந்நூல் அச்சில் இருந்தபோது ஆசிரியர் காலமானார்’, அதோடு நாள். ‘அச்சில் இருந்தபோது’ என்பது ஓடிக்கொண்டிருந்தது, ‘காலமானார்’ என்பது அதன் நடுவே நிகழ்ந்தது. கலாம் அவர்களின் முடிவைச் சொல்லும் வரியும் இதே அமைப்புதான்: 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்களிடையே உரையாற்றிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார், அன்றே காலமானார்.

நூலுக்குள் ஆசிரியரே எழுதிய முன்னுரையைத் தொடாதீர்கள். ‘அடுத்த தொகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்று அவர் சொல்லியிருந்தால் அது அவர் கையொப்பமிட்ட நாளின் நிகழ்காலம். முன்னுரையின் கீழே அந்த நாள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் வீட்டாரைக் கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.